தறி இருக்கும் கூடத்துக்கு ஃபேன்: உயரம், அளவு, நிறம்

ஃபேன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். கடையில் வரிசையாகத் தொங்குவதில் ஒன்று கண்ணுக்குப் பிடித்துவிடும், பில் போட்டாகிவிடும். வீட்டில் மாட்டிய பிறகுதான் இறக்கை சுவரை ஒட்டிச் சுற்றுவதும், காற்று கீழே வராததும் தெரியும். இந்த அத்தியாயத்தில் வரிசையை மாற்றிக்கொள்வோம். முதலில் உயரம், அதற்குப் பின் அளவு, நிறம் கடைசியில். கொக்கி எங்கே இருக்கிறது, அல்லது எங்கே போட முடியும் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

எடுத்துக்காட்டுக்கு, காஞ்சிபுரத்தின் தெற்கே பாலாற்றங்கரையை ஒட்டிய செவிலிமேட்டில் உள்ளதைப் போன்ற ஒரு நெசவாளர் வீட்டுக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். மேலே உத்திரங்கள் வரிசையாகப் போன மெட்ராஸ் டெரஸ் மேல்தளம், வெள்ளை அடித்த சுவர், சிவப்பு ஆக்சைடு தரை. கூடத்தின் ஒரு பக்கத்தில் குழித்தறி, அதன் மேல் ஜக்கார்டு பெட்டி. இப்படி ஒரு கூடத்துக்கு ஃபேன் தேர்ந்தெடுக்கத் தெரிந்துவிட்டால் புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீட்டுக்குத் தேர்ந்தெடுப்பது எளிது.

கடைக்குப் போகும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

இஞ்ச் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். ஃபேன் அளவுகள் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும் என்பதால் பிறகு குழப்பம் வராது.

1. தரையிலிருந்து கொக்கி வரை உயரம். மெட்ராஸ் டெரஸில் இரண்டு உத்திரங்களுக்கு நடுவே உள்ள செங்கல் பரப்பு வரை அளக்காதீர்கள். ஃபேன் தொங்கப்போவது உத்திரத்தில். ஆகவே உத்திரத்தின் அடிப்பக்கம் வரை அளக்க வேண்டும். இரண்டுக்கும் அரையடி வரை வித்தியாசம் இருக்கலாம்.
2. கூடத்தின் நீளமும் அகலமும்.
3. தறி பிடித்திருக்கும் இடத்தின் அகலம். தறிச் சட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து எதிர்ச் சுவர் வரை எவ்வளவு மிச்சம் என்பதைத் தனியாக எழுதுங்கள்.
4. ஜக்கார்டு பெட்டியின் உச்சி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது. வீட்டுக்கு வீடு இது மாறும். அளக்காமல் கண்மதிப்பில் எழுத வேண்டாம்.
5. டியூப் லைட், பல்பு, பரண், அலமாரிக் கதவு ஆகியவை இருக்கும் உயரம்.

இவற்றோடு, கூடத்தின் நடுவில் நின்று மேல்தளத்தைப் பகலில் ஒரு முறையும் இரவில் விளக்குப் போட்டு ஒரு முறையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நிறம் பார்க்கும்போது இந்தப் படங்கள் தேவைப்படும்.

உயரம்

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டு. ஃபேனின் மிகத் தாழ்ந்த பகுதி தரையிலிருந்து 240 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இறக்கை சுற்றும் மட்டம் மேல்தளத்திலிருந்து 30 செ.மீ.யாவது கீழே இருக்க வேண்டும். இந்தியக் கட்டட விதிகளும் இதையே சொல்கின்றன. முதல் எண் கைக்கும் தலைக்கும் பாதுகாப்பு. இரண்டாவது எண் காற்றுக்காக. ஃபேன் மேலிருந்துதான் காற்றை இழுத்துக் கீழே தள்ளுகிறது, மேலே இடமில்லாவிட்டால் இழுக்கக் காற்று இருக்காது.

பெட்டியோடு வரும் டவுன் ராடு பெரும்பாலும் ஓரடி, அதாவது 30 செ.மீ. அதைப் போட்டு மாட்டினால் இறக்கையின் மட்டம் கொக்கியிலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. கீழே வரும். மோட்டாரின் அடிமூடி இன்னும் 8 செ.மீ. போலக் கீழே நிற்கும். மாடலுக்கு மாடல் சிறிது மாறும் என்பதால் கடையில் ஒரு முறை அளந்து பாருங்கள்.

பத்தடி உயரக் கான்கிரீட் அறையில் இந்த ஓரடி ராடே சரியாகப் பொருந்தும். அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. பழைய கூடத்தில் அப்படியில்லை. உத்திரத்தின் அடி 12 அடியில், அதாவது 366 செ.மீ.யில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரடி ராடு போட்டால் இறக்கை 326 செ.மீ.யில் சுற்றும். கீழே பாயில் உட்கார்ந்திருப்பவருக்குக் காற்று வலுவிழந்துதான் வந்து சேரும். மாட்டியவர் ஃபேனில் கோளாறு என்று நினைத்துக் கண்டென்சரை மாற்றிக்கொண்டிருப்பார்.

அதே கூடத்துக்கு இரண்டடி ராடு போட்டால் இறக்கை சுமார் 295 செ.மீ.க்கு வரும். மூன்றடி ராடு போட்டால் 265 செ.மீ.க்கு இறங்கும், அடிமூடி 257-இல் நிற்கும். இரண்டும் விதிக்கு உட்பட்டவைதான். தறி இல்லாத கூடமாக இருந்தால் மூன்றடியைத் தயங்காமல் போடலாம், காற்று நன்றாக விழும். தறி இருக்கும் கூடத்துக்கு நான் இரண்டடியைத்தான் சொல்வேன். நெசவு வீட்டில் மூங்கில், பாவு சுற்றிய உருளை என்று நீளமான பொருள்களைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். தோளில் நிமிர்த்திப் பிடித்த மூங்கில் 260 செ.மீ.யைச் சுலபமாகத் தொட்டுவிடும். ஓடும் இறக்கையில் அது பட்டால் மூங்கில் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

குறிப்பு: அடியில் விளக்கு வைத்த அலங்கார ஃபேன் வாங்குவதாக இருந்தால், தாழ்ந்த பகுதி என்பது விளக்கின் அடி. இறக்கையின் மட்டத்தை மட்டும் பார்த்து ராடு வாங்கினால் 240-ஐத் தாண்டிக் கீழே வந்துவிடும்.

மேல்தளம் ஒன்பதடிக்கும் குறைவாக இருக்கும் அறைகளில் மேலே 30, கீழே 240 என்ற இரண்டையும் சாதாரண ஃபேனால் நிறைவேற்ற முடியாது. ராடே இல்லாமல் மேல்தளத்தை ஒட்டி நிற்கும் வகையைப் பாருங்கள். அதுவும் பொருந்தாவிட்டால் சுவர் ஃபேன்தான் சரி.

ஓட்டுக்கூரையானால்

ஓட்டு வீட்டில் ரீப்பரிலோ கைமரத்திலோ கொக்கி மாட்டக் கூடாது. அவை ஓட்டின் பாரத்தைத் தாங்க வைத்தவை. இரண்டு சுவர்களுக்கு இடையே போகும் விட்டத்தில் மாட்டலாம், இல்லாவிட்டால் சுவருக்குச் சுவர் கனமான இரும்புக் குழாய் போட்டு அதில் மாட்டலாம். கூரை ஒரு பக்கம் சரிவதால் இறக்கையின் நுனி சரிவுப் பக்கம் எவ்வளவு நெருங்குகிறது என்பதை அளக்க வேண்டும். அந்தப் பக்கத்திலும் 30 செ.மீ. இடைவெளி இல்லையென்றால் ராட்டின் நீளத்தைக் கூட்டுங்கள்.

அளவு

கடைக்காரர் 48 இஞ்ச் என்பதும் பெட்டியில் 1200 மி.மீ. என்று அச்சாகியிருப்பதும் ஒன்றுதான். இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் அது. வீடுகளில் புழங்குபவை 600, 900, 1050, 1200, 1400 மி.மீ.

அளவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு: ஃபேனுக்குக் கிடைக்கும் இடத்தின் குறுகிய பக்கத்திலிருந்து 120 செ.மீ.யைக் கழியுங்கள். அதாவது இரு பக்கமும் 60 செ.மீ. வெற்றிடம். மிச்சம் வருவதுதான் நீங்கள் போடக்கூடிய அதிகபட்ச அளவு. ஏழடி அகலமுள்ள அறை 213 செ.மீ. கழித்தால் 93, ஆகவே 900 மி.மீ. எட்டடி அகலம் என்றால் 244 செ.மீ. கழித்தால் 124, ஆகவே 1200 மி.மீ. நெருக்கடி என்றால் இடைவெளியை 45 செ.மீ. வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் காற்று சுவரில் மோதித் திரும்பி உறுமத் தொடங்கும்.

இப்போது நம் எடுத்துக்காட்டுக் கூடம். 14 அடி அகலம், 20 அடி நீளம். முழு அறையையும் கணக்கில் எடுத்தால் 1400 மி.மீ. ஃபேனை நடுவில் மாட்டச் சொல்லிவிடத் தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது. தறி ஆறடி அகலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஜக்கார்டு பெட்டி 270 செ.மீ. உயரம் வரை போகிறது. அறையின் நடுப்புள்ளி தறியிலிருந்து ஓரடிதான் தள்ளி இருக்கிறது. அங்கே ஃபேன் மாட்டினால் இறக்கையின் நுனி பெட்டிக்கு மேலேயே சுற்றும்.

பெட்டி இறக்கைக்குக் கீழே இருந்தால் போதுமே என்று நினைக்க வேண்டாம். அட்டை சிக்கிக்கொண்டாலோ புது டிசைன் அட்டை ஏற்றினாலோ நெசவாளர் தறிச் சட்டத்தின் மேல் ஏறித்தான் வேலை செய்வார். அப்போது அவர் தலையும் கையும் ஃபேன் மட்டத்தில் இருக்கும். ஆகவே இறக்கையின் நுனிக்கும் தறிச் சட்டத்துக்கும் இடையே பக்கவாட்டில் 60 செ.மீ. இருக்கட்டும், உயரம் எதுவாக இருந்தாலும் சரி. தறியில் ஏறும் நாளில் அந்த ஃபேனின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறுவது வீட்டின் வழக்கமாக வேண்டும்.

எனவே ஃபேனுக்கு மிச்சமுள்ள அகலம் 14-இல் ஆறு போக எட்டடி. மேலே சொன்ன கணக்குப்படி 1200 மி.மீ. கச்சிதமாக உட்காரும். தறி இல்லாத பக்கத்துச் சுவரிலிருந்து நாலடி தள்ளிய கோட்டில் கொக்கி வர வேண்டும்.

நீளம் 20 அடி. ஒரு ஃபேனை நடுவில் போட்டால் இரண்டு கோடிகளும் புழுங்கும். பெரிதாக ஒன்று வாங்குவதைவிட இரண்டு 1200 மி.மீ. ஃபேன்கள் நல்லது. ஒவ்வொன்றும் அதன் கோடிச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, இரண்டுக்கும் இடையே பத்தடி. உத்திரங்கள் அந்த இடத்தில் சரியாக அமையாது. அருகில் இருக்கும் உத்திரத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். அரையடி ஓரடி முன்பின்னாக இருந்தால் காற்றில் வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே கோட்டில், ஒரே நீள ராட்டில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கி நின்றால் உள்ளே நுழைந்தவுடன் கண்ணை உறுத்தும்.

நெய்பவருக்குக் காற்று

குழித்தறியில் கால் குழிக்குள் இருக்கும், உட்காருவது தரை மட்டத்தில். மேலே எத்தனை ஃபேன் ஓடினாலும் அவருக்கு வருவது கொஞ்சம்தான். அவருக்கு என்று ஒரு சுவர் ஃபேனைத் தனியாக வைப்பதே சரி. பக்கவாட்டில் இருந்து முதுகும் தோளும் குளிரும்படி திருப்பி வையுங்கள். பாவின் மீதும், ஜரிகை சுற்றிய தார்களின் மீதும் நேராக அடிக்கக் கூடாது. தளர்ந்த இழைகள் காற்றில் ஆடிச் சிக்கும். ஜக்கார்டு அட்டைச் சரம் காற்றில் அசைகிறதா என்பதையும் பாருங்கள். அசைந்தால் ஃபேனின் முகத்தைத் தாழ்த்துங்கள்.

விளக்கும் ஃபேனும்

அளவும் உயரமும் முடிவான பிறகு, நிறத்துக்குப் போகும் முன், விளக்கைக் கவனியுங்கள். பலரும் விட்டுவிடுவது இது. விளக்கு இறக்கையின் மட்டத்துக்கு மேலே இருந்தால் சுற்றும் இறக்கை ஒளியை வெட்டும். மூன்று இறக்கை உள்ள ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால் நொடிக்குப் பதினேழு முறை நிழல் ஓடும். அந்தத் துடிப்பு பாவின் மீது விழுந்தால், நாள் முழுவதும் இழை எண்ணி நெய்கிறவரின் கண் சோர்ந்துபோகும். கோர்வையில் உடலும் பார்டரும் சேரும் இடத்தைப் பார்ப்பதே சிரமமாகும்.

சோதிப்பது சுலபம். இரவில் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, தறியின் மேல் ஒரு வெள்ளைத்தாளை விரியுங்கள். தாளில் நிழல் அலையாக ஓடினால் விளக்கை இறக்கை மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள், இல்லாவிட்டால் தறி இருக்கும் பக்கத்துச் சுவருக்கு மாற்றுங்கள். ராட்டின் நீளத்தைக் கூட்டும்போது முன்பு இல்லாத துடிப்பு புதிதாக வரக்கூடும் என்பதால், பழைய ஃபேனில் சரியாக இருந்தது என்று விட்டுவிட வேண்டாம்.

நிறமும் பூச்சும்

ஃபேனைக் கீழே நின்றுதான் பார்க்கிறோம். அதன் பின்னணி மேல்தளம்தான். சோபாவுக்கோ திரைச்சீலைக்கோ பொருத்தம் பார்ப்பதைவிட மேல்தளத்துக்குப் பார்ப்பது முக்கியம். மேல்தளத்தின் நிறத்திலேயே இருந்தால் ஃபேன் கண்ணுக்குப் படாமல் ஒதுங்கும், அறை உயரமாகத் தெரியும். எதிர் நிறத்தில் இருந்தால் அதுவே அறையின் நடுப்பொருளாகிவிடும்.

கான்கிரீட் வீட்டின் வெள்ளை மேல்தளத்துக்கு வெள்ளை அல்லது தந்த நிறம் எப்போதும் பொருந்தும். மெட்ராஸ் டெரஸில் வெள்ளைப் பட்டையும் கறுத்த தேக்கு உத்திரமும் மாறி மாறி வருகின்றன. இங்கே முழுக்கப் பழுப்பு ஃபேன் வாங்கினால் உத்திரங்களோடு சேர்ந்து மேலே பாரமாகத் தெரியும். நான் பரிந்துரைப்பது, இறக்கை தந்த நிறத்திலும், ராடும் மோட்டார் உடலும் அடர் பழுப்பிலும். நீண்ட ராடு உத்திரத்திலிருந்து வளர்ந்தது போல அமைந்துவிடும், இறக்கை வெள்ளையோடு கரையும். பொன்னிற வளையம் உள்ள மாடல்கள் சிவப்புத் தரைக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் நன்றாக ஒத்துப்போகும். ஒரு மெல்லிய வளையம் போதும். இறக்கை முழுவதும் பூவேலை அச்சடித்தவை, பட்டே காட்சியாக இருக்கும் வீட்டில் கண்ணைப் பங்கு கேட்கும்.

பளபளப்பான பூச்சைவிட மங்கலான பூச்சு நெசவுக் கூடத்துக்கு ஏற்றது. பளபளக்கும் இறக்கை டியூப் லைட்டின் ஒளியைத் திருப்பி அடித்து, மேலே சொன்ன துடிப்பை இன்னும் கூட்டும். அடர் நிறப் பளபளப்பில் தூசியும் உடனே தெரியும். பட்டு இழையின் பஞ்சு இறக்கையின் முன்விளிம்பில் படிந்துகொண்டே இருக்கும். பூஜை அறைக்குப் பக்கத்தில் என்றால் எண்ணெய்ப் புகையும் சேரும். ஆகவே துடைத்தால் போகும் பூச்சாகப் பாருங்கள், இறக்கையில் ஆழமான வரிகளும் குழிவுகளும் இல்லாததாகப் பாருங்கள்.

நிறம் தேர்ந்தெடுக்கும் முறை:

1. கடையின் மஞ்சள் விளக்குக்குக் கீழே முடிவு செய்யாதீர்கள். இறக்கை ஒன்றைக் கழற்றித் தரச் சொல்லி வாசல் வெளிச்சத்தில் பாருங்கள்.
2. போனில் உள்ள பகல் படத்தையும் இரவுப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.
3. நீண்ட ராடு அதே நிறத்தில் கிடைக்குமா என்று ஃபேனுக்குப் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கம்பெனி நிறத்தில் வருவது பெரும்பாலும் ஓரடி ராடுதான். இரண்டடி, மூன்றடி ராடு வெள்ளையில் மட்டுமே கிடைக்கலாம். அப்படியானால் ராடையும் மேல் கப்பையும் பெயிண்டரிடம் கொடுத்து உத்திர நிறத்தில் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு அடித்தால் மேல்தளத்தில் தெறிக்கும்.

எச்சரிக்கை: இரண்டு ஓரடி ராடுகளை வெல்டிங் வைத்து ஒன்றாக்கித் தருகிறேன் என்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுற்றும் ஃபேனின் ஆட்டம் முழுவதும் அந்த ஒட்டில்தான் வந்து விழும். முழு நீள ஒற்றை ராடு மட்டுமே வாங்க வேண்டும். உள்ளே போகும் வயரிலும் ஒட்டு இருக்கக் கூடாது.

பெட்டியில் பார்க்க வேண்டியவை

2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம். அதில் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், காற்று வெளியேற்றும் அளவையும் பாருங்கள். 1200 மி.மீ. ஃபேனுக்கு நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்கு மேல் எழுதியிருக்க வேண்டும். நாலு இறக்கை, ஐந்து இறக்கை அலங்கார ஃபேன்கள் அழகாக இருந்தும் இந்த எண்ணில் குறைவாக நிற்பதுண்டு.

சாதாரண மோட்டார் ஃபேன் 75 வாட் போல இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் 30 வாட்டில் ஓடும். ஒரு ஃபேன் நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சாதாரணத்தில் 63 யூனிட், பி.எல்.டி.சி.யில் 25 யூனிட். கைத்தறி நெசவாளருக்குத் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்பதால், அந்த எல்லைக்குள் நிற்க விரும்பும் வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம். பி.எல்.டி.சி. வாங்கினால் சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை நீக்கி நேர் சுவிட்சாக மாற்றச் சொல்லுங்கள். வேகத்தை ரிமோட்டில்தான் மாற்ற வேண்டும். பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டினால் உறுமும், சீக்கிரம் கெடும்.

கொக்கியும் மாட்டுதலும்

1. உத்திரத்தைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்தால் நல்ல மரம். மொத்தென்று உள்ளீடற்ற ஓசை வந்தால், அல்லது கரையான் மண் கோடு தெரிந்தால், அந்த உத்திரத்தை விட்டுவிடுங்கள்.
2. கொக்கியை உத்திரத்தில் திருகி ஏற்றாதீர்கள். உத்திரத்தைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டையில் போல்ட் போட்டு அதில் கொக்கி வர வேண்டும். உத்திரங்களுக்கு நடுவே உள்ள செங்கல், சுண்ணாம்புக் காரையில் எந்தக் கொக்கியும் நிற்காது.
3. கொக்கி போட்டதும் 25 கிலோ அரிசி மூட்டையைக் கயிற்றில் கட்டி ஒரு நாள் தொங்க விடுங்கள். ஃபேன் ஐந்தாறு கிலோதான், ஆனால் சுற்றும்போது அதன் ஆட்டமும் சேரும். கீழே யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
4. மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டர் வைத்துச் சரிபார்த்த பிறகே வயரைத் தொட வேண்டும். ஃபேனை ஒருவர் தாங்க, இன்னொருவர் போல்ட் போட வேண்டும். வயர் வேலை எலக்ட்ரீஷியனுடையது.
5. கொக்கிப் பக்கம் ஒரு போல்ட், மோட்டார் பக்கம் ஒரு போல்ட். இரண்டிலும் காட்டர் பின் போட்டு, அதன் கால்களை விரித்திருக்கிறார்களா என்று கப்பை மேலேற்றும் முன் நீங்களே கண்ணால் பாருங்கள்.
6. இறக்கைகளை வேறு ஃபேனின் இறக்கைகளோடு மாற்றிவிடாதீர்கள். இரண்டு ஃபேன் ஒரே நாளில் மாட்டும்போது இது நடக்கும், உடனே ஆட்டம் தொடங்கும்.

ஓடவிட்டதும் ஃபேன் ஆடினால், சுவரில் நிலையாக ஒரு இடத்திலிருந்து ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த இறக்கையின் ஸ்குரூவைக் கழற்றிச் சரியாக உட்கார வைத்து முடுக்குங்கள். மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தும் ஆடினால், கொக்கியில் உள்ள ரப்பர் புஷ் சரியாக உட்காராமல் இருக்கலாம். நீண்ட ராடு உள்ள ஃபேன் தொடங்கும்போது சிறிது அசைந்து பிறகு நிற்பது இயல்பு. வேகம் பிடித்த பிறகும் ஆடினால்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். மாட்டி ஒரு மாதம் ஆனதும் ஏணி போட்டு ஏறி, கப்பை இறக்கி, இரண்டு காட்டர் பின்னையும் உத்திரப் பட்டையின் போல்ட்டையும் மறுபடி பாருங்கள். புது மரப்பிடியில் போல்ட் முதல் மாதத்தில்தான் சற்றே தளரும்.